ஏழாம் வாய்ப்பாட்டை எட்டுத் தட்டில் பாட்டாக்குவது: முழுமையான வழிகாட்டி

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் முதலில் ஒரு மெட்டைப் பிடிப்பார்கள், பிறகு எண்களை அதற்குள் அடைப்பார்கள். ‘ஈரேழு பதினாலு’ வரை நன்றாகப் போகும். ‘ஒன்பதேழு அறுபத்துமூன்று’ வரும்போது சொல் மெட்டை விட்டு வழிந்துவிடும், பிள்ளைகள் விழுங்கிச் சொல்வார்கள், எந்த எண்ணைச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை: முதலில் சொல், அடுத்து அசை, அடுத்து தட்டு, கடைசியில்தான் மெட்டு.

இங்கே எடுத்துக்கொள்வது ஏழாம் வாய்ப்பாடு. பிள்ளைகளுக்குக் கடினமானது என்பது ஒரு காரணம். அதன் தமிழ்ச் சொற்கள் எட்டுத் தட்டுக்குள் அளந்து வைத்ததுபோல உட்காருகின்றன என்பது இன்னொரு காரணம்.

1. தொடங்குவதற்கு முன் இருக்க வேண்டியவை

பிள்ளைகள் எழுபது வரை எண்களின் பெயரைத் திக்காமல் சொல்ல வேண்டும். ‘நாற்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன’ என்று கேட்டால் ‘ஐம்பது’ என்று உடனே வர வேண்டும். அது வராத பிள்ளைக்கு இந்தப் பாட்டு வெறும் ஓசைதான். அப்படிப்பட்டவர்கள் இருந்தால் ஒரு வாரம் எண் வரிசையில் செலவிடுங்கள், பாட்டு காத்திருக்கட்டும்.

அடுத்தது, ஏழேழாகக் கூட்டினால்தான் இந்த எண்கள் வருகின்றன என்பதைக் கையால் பார்த்திருக்க வேண்டும். புளியங்கொட்டையோ மஞ்சாடியோ ஒரு குழுவுக்கு எழுபது போதும். ஏழேழாகப் பத்துக் குவியல் வைத்து, மூன்று குவியலைத் தள்ளி எண்ணச் சொன்னால் இருபத்தொன்று. நாட்காட்டியிலும் இதே கணக்கு இருக்கிறது: மூன்று வாரத்துக்கு எத்தனை நாள்? பாட்டின் முதல் வரி வாரத்தில்தான் தொடங்கப்போகிறது, ஆகவே இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பொருள் என்று பார்த்தால் எட்டுக் கட்டம் கொண்ட ஒரு பெரிய அட்டை, நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம், 1 முதல் 10 வரை எழுதிய பத்துச் சிறு அட்டைகள். தாளக்கருவியோ பாட்டுப் பதிவோ வேண்டாம். பதிவை ஓடவிட்டால் அதன் வேகத்துக்கு வகுப்பு ஓட வேண்டியிருக்கும், நாம் நிறுத்த நினைக்கும் இடத்தில் நிறுத்த முடியாது.

2. எந்த வடிவத்தில் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழில் ஒரே பெருக்கலை இரண்டு விதமாகச் சொல்கிறோம். ‘எட்டேழு ஐம்பத்தாறு’ என்பது ஒன்று. ‘ஏழு எட்டு ஐம்பத்தாறு’ என்பது மற்றொன்று. பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகக் கேட்கும் பிள்ளைக்கு வரி நடுவில் தடுமாற்றம் வருவது இதனால்தான்.

பாட்டுக்குப் புணர்ந்த வடிவத்தை எடுங்கள்: ஓரேழு, ஈரேழு, மூவேழு, நாலேழு, ஐயேழு, ஆறேழு, ஏழேழு, எட்டேழு, ஒன்பதேழு, பத்தேழு. மாறும் எண் முன்னால் வருகிறது, மாறாத ஏழு பின்னால் நிற்கிறது. காதுக்கு ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி முடிவதால், பிள்ளையின் கவனம் முன்னால் வரும் எண்ணில் மட்டும் நிற்கும். இந்த வடிவத்தில் இன்னொரு வசதி அடுத்த படியில் தெரியவரும்.

எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பதிலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இருபத்தொன்று’ என்றாலும் ‘இருபத்தொண்ணு’ என்றாலும் தட்டு எண்ணிக்கை மாறாது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் மற்றொன்றும் சொன்னால் கடைசி ஓசை கலங்கிவிடும்.

3. சொல்லை எழுத்தால் எண்ணாதீர்கள், அசையால் எண்ணுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் அநேகமாகத் தவறுவது இங்கேதான். ‘ஏழேழு’ மூன்றெழுத்து, ‘ஒன்பதேழு’ ஐந்தெழுத்து. எழுத்தை எண்ணினால் இரண்டும் ஒரே அளவில் அடங்காது என்று தோன்றும். வாயால் தட்டிச் சொல்லிப் பார்த்தால் இரண்டுமே மூன்று தட்டுத்தான்.

அசை பிரிப்பது யாப்பிலக்கணத்தில் படித்ததுதான். குறிலோ நெடிலோ தனியாக நின்றால் ஓர் அசை. குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து ஓர் அசை. புள்ளி வைத்த எழுத்து தனியாக எண்ணப்படாது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொண்டு அந்த அசையை அங்கேயே முடித்துவைக்கும்.

‘ஒன்பதேழு’ என்பதைப் பிரித்தால் ஒன் – பதே – ழு, மூன்று அசை. ‘ஏழேழு’ ஏ – ழே – ழு, இதுவும் மூன்று. பத்துக் கேள்விகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள், ஒன்று தவறாமல் எல்லாமே மூன்றசைதான். பிரித்து நிற்கும் ‘ஒன்பது ஏழு’ என்றால் ஒன் – பது – ஏ – ழு என்று நான்காகிவிடும். புணர்ந்த வடிவத்தைப் பிடிக்கச் சொன்னது இதற்காகவே.

விடைகளைப் பாருங்கள். இருபத்தொன்று: இரு – பத் – தொன் – று. முப்பத்தைந்து: முப் – பத் – தைந் – து. மிக நீளமாகத் தோன்றும் அறுபத்துமூன்று: அறு – பத் – துமூன் – று. இருபத்தொன்று முதல் அறுபத்துமூன்று வரை ஏழு விடைகளும் சரியாக நாலசை. மிஞ்சுவது மூன்றுதான்: ஏழு, பதினாலு, எழுபது. அவை குறைவாக இருக்கின்றன, ஆனால் எதுவும் வழியவில்லை. குறையை நிரப்பலாம். வழிவதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

4. வரியின் கட்டு: மூன்று, ஒன்று, நான்கு

கேள்வி மூன்று தட்டு, விடை நான்கு தட்டு, மொத்தம் ஏழு. இரண்டுக்கும் நடுவே ஒரு வெறும் தட்டு வைத்தால் எட்டு. ஆதி தாளத்தின் எண்ணிக்கையும் எட்டுத்தான் என்பதால், பாட்டு கற்ற பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டு இருந்தால் அது தானாகவே தாளம் போடத் தொடங்கும். விரல் மடக்கும் அந்த முறையை மற்றப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நாலாவது தட்டில் உள்ள அந்த வெற்றிடத்தை ‘வெறுங்கை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தப் பாட்டில் வேலை செய்யும் உறுப்பு இதுதான். கேள்வி முடிந்து விடை தொடங்குவதற்குள் பிள்ளைக்கு நினைவில் தேட ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் கேள்வியும் விடையும் ஒட்டி ஒரே நீளச் சொல்லாகிவிடும். ‘எட்டேழைம்பத்தாறு’ என்று மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளையிடம் ‘எட்டேழு எத்தனை’ என்று தனியாகக் கேட்டால் விழிப்பதைப் பார்க்கலாம்.

நிமிடத்துக்கு அறுபது தட்டு என்ற வேகத்தில் வெறுங்கைக்கு ஒரு நொடி கிடைக்கும். எண்பது தட்டு என்றால் முக்கால் நொடி. அதற்கு மேல் விரைவாகப் போனால் தேட நேரமில்லை, பிள்ளைகள் ஓசையை மட்டும் ஒப்பிப்பார்கள்.

5. கையசைவு

ஒன்று, இரண்டு, மூன்று: இரண்டு உள்ளங்கையாலும் தொடையில் தட்டு. நான்கு: கை இரண்டையும் மல்லாத்தி முன்னால் நீட்டு, ஓசை வரக்கூடாது. ஐந்து முதல் எட்டு வரை: கைதட்டு.

தொடையில் மங்கிய ஓசை, பிறகு அமைதி, பிறகு பளிச்சென்ற ஓசை. கேள்வி எது, விடை எது என்பது காதிலேயே பிரிந்துவிடும். சொல்லிக்கொடுப்பவருக்கும் இது உதவி: கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாலும், நாலாவது தட்டில் ஒரு ‘சட்’ கேட்டால் யாரோ முந்துகிறார் என்று தெரியும்.

முதல் நாள் சொல்லே வேண்டாம். ‘ஒன்று இரண்டு மூன்று – கை – ஐந்து ஆறு ஏழு எட்டு’ என்று எண்ணிக்கொண்டு கையை மட்டும் பழக்குங்கள். பத்துச் சுற்று தொடர்ந்து சிதறாமல் வந்தால் போதும். கை தானாக ஓடும் நிலைக்கு வருவதற்குள் சொல்லைச் சேர்த்தால் இரண்டும் கெடும், பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும்.

6. பாட்டு முழுவதும்

பதினாறு வரி. வரிக்கு எட்டுத் தட்டு, மொத்தம் நூற்று இருபத்தெட்டு. கோடு போட்ட இடம் வெறுங்கை.

ஒரு வாரம் — ஏழு நாளு
கை தட்டிக் — கூட்டிப் பாடு

ஓரேழு — ஏழு ஆமா
ஈரேழு — பதினாலு (தட்டு)
மூவேழு — இருபத்தொன்று
மூவாரம் — ஆச்சு பாரு

நாலேழு — இருபத்தெட்டு
ஐயேழு — முப்பத்தைந்து
ஆறேழு — நாற்பத்திரண்டு
பாதிக்கு — மேலே வந்தோம்

ஏழேழு — நாற்பத்தொன்பது
எட்டேழு — ஐம்பத்தாறு
ஒன்பதேழு — அறுபத்துமூன்று
இன்னொண்ணு — மிச்சம் இருக்கு

பத்தேழு — எழுபது ஆமா
எல்லாமும் — சேர்த்துச் சொன்னோம்

அட்டையில் எழுதும்போது வரியாக எழுதாமல் எட்டுக் கட்டத்தில் அசை அசையாக எழுதுங்கள். எட்டேழு வரி இப்படி வரும்: எட் | டே | ழு | (வெறுங்கை) | ஐம் | பத் | தா | று. பிள்ளை படிப்பதற்காக அல்ல, நீங்கள் கோலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டு போவதற்காக.

குறைவான விடைகளை நிரப்பிய விதத்தைக் கவனியுங்கள். ‘ஏழு’ இரண்டசை, ‘எழுபது’ இரண்டசை. அங்கே ‘ஆமா’ சேர்ந்து நான்காகிறது. ‘ஏழு ஏழு’ என்று இரண்டு முறை சொல்லி நிரப்பலாமே என்று தோன்றும். கூடாது, அது ஏழாவது வரியின் கேள்வி. ‘ஏழு தட்டு’ என்று போட்டாலும் வம்புதான், குறும்புக்காரன் ஒருவன் ஏழு முறை தட்டிவிட்டு நிற்பான். ‘பதினாலு’ மூன்றசை, கடைசித் தட்டு சொல்லில்லாமல் கையோடு போகட்டும். ‘ஆம்’ என்று ஒட்டினால் ‘பதினாலாம்’ ஆகிவிடும். நிரப்பும் சொல் எண்ணோடு புணராமலும், இன்னோர் எண்போலக் கேட்காமலும் இருக்க வேண்டும் என்பதே விதி.

7. மும்மூன்று வரியாகப் பிரித்ததன் காரணம்

பத்து வரியை ஐந்தைந்தாகப் பிரிப்பதுதான் வழக்கமாகத் தோன்றும் வழி. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அது ஒத்துவராது.

இருபத்தொன்று, இருபத்தெட்டு: இரண்டும் ‘இருபத்’ என்று தொடங்குகின்றன, அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது: இவையும் அப்படியே. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் மாற்றிச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு இணைகளைத்தான். முதல் இரண்டு அசை ஒன்றாக இருப்பதால் வாய் தொடங்கிவிடும், பாதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது.

மூன்று மூன்றாகப் பிரித்தால் இருபத்தொன்று முதல் கட்டின் கடைசி வரி, இருபத்தெட்டு இரண்டாம் கட்டின் முதல் வரி. நடுவில் ‘மூவாரம் ஆச்சு பாரு’ வந்து இரண்டையும் பிரிக்கிறது. நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே ‘பாதிக்கு மேலே வந்தோம்’ நிற்கிறது. ஒன்று முடிக்கும் எண், மற்றொன்று தொடங்கும் எண் என்று நினைவில் இடம் மாறிவிடுவதால் குழப்பம் குறையும்.

இடைவரிகளைச் சலிப்பாக இருக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. நேரம் பற்றாவிட்டால் தொடக்கத்தின் இரண்டு வரியையும் கடைசி வரியையும் விடலாம்.

8. கற்பிக்கும் வரிசை

ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் நாள் கை மட்டும். இரண்டாம் நாள் முதல் இரண்டு வரியும் முதல் கட்டும். மூன்றாம் நாள் இரண்டாம் கட்டு, நான்காம் நாள் மூன்றாம் கட்டு. ஐந்தாம் நாள்தான் முழுவதையும் சேர்த்துச் சொல்வது.

புதிய கட்டை எடுக்கும் நாளில் பழையதிலிருந்து தொடங்காமல் நேராகப் புதியதில் தொடங்குங்கள். எப்போதும் ஓரேழிலிருந்தே தொடங்கினால் முதல் மூன்று வரி நூறு முறை வரும், கடைசி மூன்று வரி பத்து முறைகூட வராது. எட்டேழும் ஒன்பதேழும் பலவீனமாக இருப்பதற்கு அந்த எண்கள் பெரியவை என்பதைவிட, பயிற்சி போதவில்லை என்பதே பெரிய காரணம்.

ஒவ்வொரு கட்டையும் நான்கு நிலையில் எடுங்கள். முதலில் நீங்கள் முழு வரியும் சொல்ல, பிள்ளைகள் கை மட்டும் தட்டட்டும். அடுத்து நீங்கள் கேள்வி, அவர்கள் விடை. பிறகு அவர்கள் கேள்வி, நீங்கள் விடை. கடைசியில் வகுப்பை இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வரிசை கேட்க, மற்றது விடை சொல்ல, அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளட்டும். மூன்றாம் நிலையைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளை கேள்வியைத் தெளிவாக உச்சரித்தால்தான் கேள்வி எது என்றே அதற்குப் பிடிபடும், ஆகவே அதை விடாதீர்கள்.

வேகம்: முதல் வாரம் நொடிமுள்ளோடு, நிமிடத்துக்கு அறுபது. முழுப் பாட்டும் இரண்டு நிமிடம் எட்டு நொடி ஓடும். இரண்டாம் வாரம் எண்பது, ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வேகமாகப் போவது பிடிக்கும், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விளையாட்டாக ஒரு முறை விட்டுவிட்டு மறுபடி எண்பதுக்கு வந்துவிடுங்கள்.

ஜோடியாக உள்ளங்கை தட்டுவது இரண்டாம் வாரத்தில் வரட்டும். ஐந்தில் தன் கை, ஆறில் எதிரில் இருப்பவர் கை, ஏழில் தன் கை, எட்டில் எதிர்க் கை. முன்னாலேயே கொண்டுவந்தால் கை தவறும்போதெல்லாம் சிரிப்பில் விடை போய்விடும்.

9. மெட்டு

மெட்டு கடைசி. பேச்சு ஓசையிலேயே தட்டோடு ஒரு வாரம் சொன்ன பிறகு ஒரு மெட்டு தானாகவே வகுப்பில் உருவாகியிருக்கும். அதையே எடுத்துக்கொள்வது நல்லது. அப்படி வராவிட்டால் மூன்று சுரத்துக்குள் ஒன்றைக் கட்டுங்கள்: கேள்வி மேலே ஏறி நிற்கட்டும், விடை இறங்கி முடியட்டும். ஏறி நிற்கும் ஓசை ‘எத்தனை?’ என்று கேட்பதுபோல இருக்கும்.

ஒரு தட்டுக்கு ஓர் அசை, ஓர் அசைக்கு ஒரு சுரம். ‘ஐம்–ம்–ம்–பத்’ என்று இழுத்து வளைத்தால் எண்ணின் உடல் சிதையும்.

10. எது தவறுகிறது, எப்படித் தெரிந்துகொள்வது

வரிக்கு வரி தட்டு பின்தங்கினால், யாரோ சொல்லைப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று பொருள். ‘இருபத்து ஒன்று’ என்று பிரித்தால் இரு – பத் – து – ஒன் – று, ஐந்தாகிவிடும். ஐந்தாவது அசை அடுத்த வரியின் முதல் தட்டில் ஏறும். வரிசை வரிசையாகச் சொல்லவிட்டுக் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம். அந்தச் சொல்லை மட்டும் தட்டோடு ஐந்தாறு முறை சொல்லவைத்தால் சரியாகும்.

வெறுங்கை மறைந்துபோவது இன்னொன்று. வகுப்பு உற்சாகமாகும்போது கேள்வியோடு விடை ஒட்டிக்கொள்ளும், எட்டுத் தட்டு ஏழாகிவிடும். அப்போது வேகத்தைக் குறைப்பதைவிட, ஒரு சுற்று முழுவதும் வெறுங்கையில் இரண்டு தட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். மறு சுற்றில் ஒன்றுக்குத் திரும்பும்போது இடைவெளி மறக்காது.

வாய் அசைகிறது, சொல் இல்லை. பெரிய வகுப்பில் இது எப்போதும் உண்டு, கூட்டுக் குரலில் மறைந்துகொள்வார்கள். விடை நேரத்தில் உதட்டைப் பாருங்கள்: ஐம்பத்தாறில் இரண்டாவது தட்டில் ‘ப’ வருவதற்கு உதடு மூட வேண்டும். மூடாத உதடு சொல்லாத உதடு. அந்தப் பிள்ளையைத் தனியாக எழுப்பாமல் நான்கு பேர் கொண்ட குழுவாகச் சொல்லவைத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி பத்திலும் ‘ழு’ இருக்கிறது. ‘ஏலு’ என்று சொல்லும் பிள்ளையைப் பாட்டு நடுவில் திருத்தாதீர்கள், தட்டு உடையும், மொத்த வகுப்பும் நிற்கும். முடிந்த பிறகு ‘ஏழு’ என்ற ஒரு சொல்லை மட்டும் மெதுவாகப் பழக்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. பாட்டு வரிசையாகத்தான் நினைவில் நிற்கும். ‘எட்டேழு?’ என்று கேட்டால் பிள்ளை ‘ஓரேழு ஏழு’ என்று மனத்துக்குள் தொடங்கி விரல் விட்டுக்கொண்டு எட்டு வரை வரும். விடை சரி, ஆனால் ஏழு வரி தாண்டி வந்த விடை. வகுத்தலுக்கு வரும்போது இது காலை வாரிவிடும்.

11. வரிசையை உடைப்பது

முழுப் பாட்டும் பிசகாமல் வந்த மறுநாளே இதைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் வரிசை இறுகிவிடும்.

முதலில், கட்டின் தலையிலிருந்து தொடங்கப் பழக்குங்கள்: ‘நாலேழு’ என்று நீங்கள் சொன்னால் அங்கிருந்து போக வேண்டும், ‘ஏழேழு’ என்றால் அங்கிருந்து. இப்போது எட்டேழு கேட்டால் பிள்ளை ஏழேழிலிருந்து ஒரு வரிதான் நடக்க வேண்டும்.

அடுத்து, சொல்லை மறையுங்கள். கேள்வியை எல்லோரும் சொல்லட்டும், விடையின் நான்கு தட்டும் கையோசை மட்டும். விடை மனத்துக்குள். சுற்று முடிந்ததும் ஏதாவது ஒரு வரியின் விடையைக் கேளுங்கள்.

பிறகு அட்டைகள். பத்தையும் கலைத்து வையுங்கள். தாளம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினால் (8 என்று வைத்துக்கொள்வோம்) வகுப்பு ‘எட்டேழு’ என்று சொல்லி, வெறுங்கை நீட்டி, விடையைத் தட்ட வேண்டும். அட்டையை முந்தைய வரியின் ஏழாவது தட்டில் காட்டுங்கள். எட்டாவதில் காட்டினால் நேரம் போதாது. ஐந்தாவதிலேயே காட்டினால் நடப்பு விடையைக் குழப்பிவிடும். விடை தெரியாத பிள்ளை கை மட்டும் தட்டலாம், தாளம் நிற்கக்கூடாது.

எண்பது வேகத்தில் பத்து அட்டைக்கும் வெறுங்கைக்கு அடுத்த தட்டிலேயே விடை தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வந்துவிட்டது. தயங்கிய அட்டைகளைத் தனியே எடுத்து, மறுநாள் அவற்றை மட்டும் இரண்டு சுற்று.

12. மற்ற வாய்ப்பாடுகளுக்கு மாற்றும்போது

ஆறும் எட்டும் இதே கட்டில் அடங்கும். ஓராறு, ஈராறு, ஓரெட்டு, ஈரெட்டு எல்லாம் மூன்றசை, விடை எதுவும் நாலசையைத் தாண்டாது. இடைவரி வைக்கும் இடம்தான் மாறும். ஒரே பத்தில் தொடங்கும் அடுத்தடுத்த விடைகளைத் தேடி, அவற்றின் நடுவே வையுங்கள். எட்டாம் வாய்ப்பாட்டில் நாற்பதும் நாற்பத்தெட்டும் அடுத்தடுத்து வருகின்றன, ஆகவே ஐந்தாம் வரிக்குப் பிறகு ஓர் இடைவரி. ஆறில் முப்பது, முப்பத்தாறு ஓர் இணை, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு இன்னோர் இணை, ஆகவே ஐந்துக்குப் பிறகும் ஏழுக்குப் பிறகும்.

ஒன்பதில் ஒரு பொறி இருக்கிறது. பத்தையும் ஒன்பதையும் புணர்த்தினால் ‘பத்தொன்பது’, அது 19. ‘பத்தொன்பது தொண்ணூறு’ என்று பாடினால் பிள்ளை கேட்பது வேறு கணக்கு. அந்த ஒரு வரியில் மட்டும் ‘பத்து ஒன்பது’ என்று பிரித்து நான்கு தட்டாகச் சொல்லி, வெறுங்கையை விட்டுவிடுங்கள். தொண்ணூறு மூன்றசைதான், கடைசித் தட்டு சொல்லில்லாமல் போகும். ஒன்பதில் ஒரே பத்தில் தொடங்கும் அடுத்தடுத்த விடைகள் இல்லை, ஆனால் நாற்பத்தைந்தும் ஐம்பத்துநான்கும் எழுதும்போது இலக்கம் மாறிப்போகும், ஆகவே இங்கும் ஐந்துக்குப் பிறகு இடைவரி வைப்பது நல்லது.

மூன்றுக்கும் நான்குக்கும் இந்தக் கட்டு பொருந்தாது. மூன்று, ஆறு, ஒன்பது என்று இரண்டசை விடைகளே முன்னால் குவிவதால் வரிக்கு வரி ‘ஆமா’ போட வேண்டிவரும், பாட்டில் எண்ணைவிட ‘ஆமா’தான் அதிகம் கேட்கும். ‘ஒன்பது மூன்று’, ‘பத்து மூன்று’ என்பவை நாலசையாகி வெறுங்கையையும் தின்றுவிடும். அவற்றுக்குக் கேள்வியே வேண்டாம். விடைகளை மட்டும் நான்கு தட்டுக்கு ஒன்றாக, மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று தாவித் தாவி எண்ணவைத்தால் போதும்.